ஆஸ்பிரின் படத்தில் கீட்டோன் ஏன் இல்லை?

கேள்வி: பி.எஸ்சி. வேதியியல் முதலாமாண்டு படிக்கிறேன். ஆஸ்பிரினின் கோட்டுப் படத்தைக் கொடுத்து வினைச்செயல் தொகுதிகளை எழுதச் சொன்னார்கள். கீட்டோன், ஈதர், ஆல்கஹால், ஆல்கீன் என்று எழுதினேன். நான்கையும் அடித்துவிட்டார்கள். வெறும் கோடாகப் போட்ட படத்தில் எது எந்தத் தொகுதி, எங்கே வினை நடக்கும் என்று எப்படிப் பார்ப்பது?

பதில்:

நீங்கள் எழுதிய நான்கும் கற்பனை இல்லை. படத்தில் C=O இருக்கிறது, இரண்டு கார்பனுக்கு நடுவே ஓர் O இருக்கிறது, OH இருக்கிறது, இரட்டைக் கோடுகளும் இருக்கின்றன. ஒவ்வொன்றையும் தனியாகப் பார்த்துப் பெயர் வைத்ததுதான் சிக்கல். கோட்டுப் படத்தில் ஓர் எழுத்தின் பெயரை அதன் பக்கத்து வீட்டுக்காரர்தான் முடிவு செய்வார். ஆஸ்பிரினை வைத்தே இதைப் பார்ப்போம். கூடவே பாராசிட்டமாலையும் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் இரண்டையும் பக்கத்தில் வைத்தால்தான் விஷயம் விளங்கும்.

முதலில் ஒரு தாளில் வரைந்துகொள்ளுங்கள். ஓர் அறுகோணம், உள்ளே ஒன்று விட்டு ஒன்றாக மூன்று இரட்டைக் கோடுகள். அடுத்தடுத்த இரண்டு முனைகளிலிருந்து இரண்டு கிளைகள். முதல் கிளையில் ஒரு கோடு வெளியே வந்து ஒரு முனையில் பிரிகிறது: ஒரு பக்கம் இரட்டைக் கோட்டில் O, மறுபக்கம் OH. இரண்டாவது கிளையில் வளையத்தை விட்டு வந்ததுமே O. அதிலிருந்து ஒரு கோடு இன்னொரு முனைக்குப் போகிறது. அந்த முனையில் இரட்டைக் கோட்டில் ஓர் O, அதோடு எழுத்தே இல்லாமல் முடிகிற ஒரு கோடு.

தொகுதியைத் தேடும் முன் எண்ணிப் பாருங்கள். நான் இன்றைக்கும் எண்ணுகிறேன். எழுத்து இல்லாத ஒவ்வொரு முனையும் ஒரு கார்பன், எழுத்து இல்லாமல் முடிகிற கோட்டின் நுனியும் ஒரு கார்பன். வளையத்தில் ஆறு, முதல் கிளையில் ஒன்று, இரண்டாவது கிளையில் இரண்டு, ஆக ஒன்பது. கார்பனுக்கு நான்கு பிணைப்பு, கண்ணுக்குத் தெரியும் கோடுகள் போக மீதி ஹைட்ரஜன். கிளை இல்லாத நான்கு வளைய முனைகளுக்கு ஆளுக்கொரு H. கிளை தாங்கும் இரண்டு முனைகளுக்கு H கிடையாது, அங்கே ஏற்கெனவே நான்கு கோடு ஆகிவிட்டது. நுனியில் நிற்கும் கார்பனுக்கு ஒரே கோடு, எனவே மூன்று H, அது CH3. ஆக்சிஜன்மேல் இருக்கும் H மட்டும் படத்திலேயே எழுதப்பட்டிருக்கும். மொத்தம் எட்டு. ஆக C9H8O4.

இதைச் சரிபார்க்க ஒரு குறுக்குவழி உண்டு. கார்பன் எண்ணிக்கையை இரண்டால் பெருக்கி, இரண்டைக் கூட்டி, ஹைட்ரஜனைக் கழித்து, பாதியாக்குங்கள். 18+2−8 என்றால் 12, பாதி 6. படத்தில் வளையம் ஒன்று, வளையத்துக்குள் இரட்டைப் பிணைப்பு மூன்று, C=O இரண்டு, கூட்டினால் ஆறு. பொருந்தாவிட்டால் எங்கோ ஒரு நுனியைக் கோட்டை விட்டிருக்கிறீர்கள் என்று பொருள். பெரும்பாலும் அந்த CH3தான் விடுபட்டிருக்கும்.

இனி தொகுதிகள். கோட்டுப் படத்தில் கார்பனும் ஹைட்ரஜனும் பின்னணிதான், கண் முதலில் O, N போன்ற எழுத்துகளில் விழ வேண்டும். அங்கே C=O தெரிந்தால் உடனே பெயர் வைக்காதீர்கள். அந்தக் கார்பனுக்கு இன்னும் இரண்டு கைகள் உண்டு, அந்தக் கைகள் யாரைப் பிடித்திருக்கின்றன என்று பாருங்கள். இரண்டு கையும் கார்பனைப் பிடித்திருந்தால்தான் கீட்டோன். ஒரு கையில் H இருந்தால் ஆல்டிஹைடு. ஒரு கை OH-ஐப் பிடித்திருந்தால் கார்பாக்சிலிக் அமிலம். ஒரு கை O-வைப் பிடித்து, அந்த O இன்னொரு கார்பனுக்குப் போனால் எஸ்டர். ஒரு கை நைட்ரஜனைப் பிடித்திருந்தால் அமைடு.

ஆஸ்பிரினின் முதல் கிளையில் அந்தக் கார்பன் ஒரு கையால் வளையத்தையும் மறு கையால் OH-ஐயும் பிடித்திருக்கிறது. அது அமிலம், ஆகவே அந்த OH ஆல்கஹால் ஆகாது. இரண்டாவது கிளையில் அந்தக் கார்பனின் ஒரு கையில் CH3, மறு கையில் வளையத்துக்குப் போகிற O. அது எஸ்டர், அந்த O ஈதர் இல்லை. ஒரே அணு பெரிய தொகுதி ஒன்றுக்கும் சின்னத் தொகுதி ஒன்றுக்கும் பொருந்துகிறது என்றால் பெரியதற்கே கொடுக்க வேண்டும். வளையத்துக்குள் இருக்கும் மூன்று இரட்டைக் கோடுகளும் ஆல்கீனாக நடந்துகொள்வதில்லை. அந்த ஆறு எலக்ட்ரான்களும் வளையம் முழுக்கப் பரவி நிற்பதால் சேர்க்கை வினைக்கு எளிதில் இணங்காது. எனவே மொத்தக் கணக்கு: ஓர் அமிலம், ஓர் எஸ்டர், ஒரு பென்சீன் வளையம். நான்கு ஆக்சிஜனும் இரண்டு தொகுதிக்குள் அடங்கிவிட்டன.

இடையில் ஓர் எச்சரிக்கை. சில புத்தகங்களில் இரண்டாவது கிளையை விரித்துப் போடாமல் OAc என்று மட்டும் எழுதிவிடுவார்கள். Ac என்றால் அசைட்டைல், அதாவது CH3C=O. தனிம அட்டவணையில் அதே Ac ஆக்டினியம் என்பது வேறு கதை, கரிம வேதியியல்காரர்கள் அதைப் பற்றிக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. OAc-ஐப் பார்த்து அங்கே ஒரு C=O ஒளிந்திருப்பதை மறந்தால் எஸ்டர் காணாமல் போகும். இடப்பக்கம் எழுதும்போது AcO என்றும் HO2C என்றும் திருப்பிப் போடுவார்கள். எந்த எழுத்து வளையத்தைத் தொடுகிறதோ அங்கிருந்து வெளிப்புறமாகப் படியுங்கள். கணினியில் தட்டுவதற்கான வடிவமும் இதே கதையைத்தான் சொல்கிறது:

```
CC(=O)Oc1ccccc1C(=O)O      ஆஸ்பிரின்
CC(=O)Nc1ccc(O)cc1         பாராசிட்டமால்
```

சிறிய c வளையக் கார்பன், அடைப்புக்குள் இருப்பது கிளை. இரண்டு வரியும் CC(=O) என்றே தொடங்குகின்றன. அடுத்த எழுத்து முதல் வரியில் O, இரண்டாவதில் N. இனி சொல்லப்போவதில் பெரும்பகுதி இந்த ஓர் எழுத்தைப் பற்றியதுதான்.

வினை எங்கே நடக்கும் என்பதற்கு வருவோம். படத்தில் மூன்று கேள்வி கேட்டுப் பாருங்கள்: எளிதில் போகக்கூடிய H எது, எலக்ட்ரான் பற்றாக்குறையோடு நிற்கும் கார்பன் எது, அந்தக் கார்பனைத் தாக்கினால் அதிலிருந்து கழன்று போகத் தயாராக இருப்பது யார்?

ஆஸ்பிரினில் முதல் கேள்விக்கு விடை அமிலத்தின் H. அதன் pKa ஏறத்தாழ 3.5. கார்பானிக் அமிலத்துக்கு இது 6.4 அளவில் இருப்பதால், ஆஸ்பிரின் சோடியம் பைகார்பனேட்டிலிருந்து கார்பன் டையாக்சைடைத் துரத்திவிடும். சோதனைக் குழாயில் நுரைத்துக்கொண்டு கரையும். சாதாரண பீனாலின் pKa 10, அதனால் அது நுரைக்காது. நீரில் போட்டுக் குடிக்கும் ஆஸ்பிரின் மாத்திரைகளின் நுரைக்கும் காரணம் பைகார்பனேட்டும் அமிலமும்தான்.

இரண்டாவது கேள்விக்கு முதல் பார்வையில் இரண்டு வேட்பாளர்கள்: அமிலத்தின் C=O, எஸ்டரின் C=O. இரண்டிலும் ஆக்சிஜன் எலக்ட்ரானைத் தன் பக்கம் இழுப்பதால் கார்பன் பற்றாக்குறையில்தான் நிற்கிறது. ஆனால் நடுநிலை நீரில் அமிலம் தன் H-ஐ இழந்து எதிர்மின்னூட்டத்தோடு இருக்கும். ஏற்கெனவே எதிர்மின்னூட்டம் உள்ள இடத்தை எலக்ட்ரான் தரும் கருக்கவர் பொருள் எதுவும் நெருங்க விரும்பாது. எனவே களத்தில் மிஞ்சுவது எஸ்டர் கார்பன் மட்டும். நீர் அதைத்தான் தாக்கும்.

மூன்றாவது கேள்விதான் ஆஸ்பிரினின் குணத்தைச் சொல்கிறது. நீர் தாக்கியதும் கழன்று போக வேண்டியது வளையத்தோடு ஒட்டிய O. சாதாரண எத்தில் எஸ்டராக இருந்தால் கழல வேண்டியது எத்தனாலின் அயனி, அதன் அமிலமான எத்தனாலுக்கு pKa 16. இங்கே கழல்வது பீனால் வகை அயனி. அதன் எதிர்மின்னூட்டத்தை வளையம் பகிர்ந்துகொள்வதால் போவதற்குத் தயக்கம் குறைவு. ஆக, எஸ்டரின் O நேராக வளையத்தைத் தொடுகிறதா என்று படத்தில் பார்த்தாலே, சாதாரண எஸ்டரைவிட எளிதில் உடையும் என்று சொல்லிவிடலாம்.

இதற்கு மேலும் ஒன்று உண்டு. மாணவர்கள் பெரும்பாலும் இதைக் கவனிப்பதில்லை. இரண்டு கிளைகளும் அடுத்தடுத்த முனைகளில், அதாவது ஆர்த்தோ நிலையில் இருக்கின்றன. H இழந்த அமிலத் தொகுதி எஸ்டருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறது. நீர் எஸ்டர் கார்பனைத் தாக்க வரும்போது, அந்த நீரின் ஒரு H-ஐ இது இழுத்துப் பிடித்து உதவுகிறது. மூலக்கூறே தன்னை உடைப்பதற்கு வினையூக்கியை வீட்டுக்குள் வைத்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பெர்ஷ்ட், கர்பி இருவரும் 1967-இல் இந்த வழிமுறையை நிறுவினார்கள். அமிலத் தொகுதியை எதிர்முனைக்கு, பாரா நிலைக்கு, மாற்றி வரைந்தால் தொகுதிகளின் பட்டியல் மாறாது, இந்த உதவி மட்டும் போய்விடும். தொகுதிகளை எழுதி முடித்த பிறகு அவற்றுக்கிடையே எவ்வளவு தூரம் என்று பார்ப்பதும் படத்தைப் படிப்பதில் சேரும்.

இதன் விளைவை மூக்காலேயே அறியலாம். ஈரம் புகுந்த பழைய ஆஸ்பிரின் புட்டியைத் திறந்தால் வினிகர் வாடை வரும். நீர் எஸ்டரை உடைத்ததில் ஒரு துண்டு அசிட்டிக் அமிலம், இன்னொரு துண்டு சாலிசிலிக் அமிலம்.

நானும் இதில் அடிபட்டவன்தான். கல்லூரி ஆய்வகத்தில் சாலிசிலிக் அமிலத்தோடு அசிட்டிக் அன்ஹைட்ரைடு சேர்த்து, சில சொட்டு அடர் கந்தக அமிலம் விட்டு, வெந்நீர்த் தொட்டியில் வைத்து ஆஸ்பிரின் தயாரித்தோம். வெள்ளைப் படிகம் அழகாக வந்தது. பெர்ரிக் குளோரைடு சொட்டினால் லேசான ஊதா. இன்னும் கொஞ்சம் சாலிசிலிக் அமிலம் மிச்சம் இருக்கிறது, மறுபடிகமாக்கினால் போய்விடும் என்று நினைத்து நீரில் போட்டு நிதானமாகக் கொதிக்க வைத்தேன். பக்கத்து மேசைக்காரனோடு பேசிக்கொண்டே நெடுநேரம் வைத்துவிட்டேன். ஆறவைத்து வடிகட்டி மறுபடி சோதித்தால் கரு ஊதா! தூய்மையாக்கப் போய் உடைத்து வைத்திருக்கிறேன். படத்தை ஒரு நிமிடம் பார்த்திருந்தால், எளிதில் உடையும் எஸ்டரைக் கொதிநீரில் ஊறவைக்கலாமா என்று யோசித்திருப்பேன். மறு தடவை எத்தனாலில் லேசான சூட்டில் கரைத்து, வெதுவெதுப்பான நீர் சேர்த்து, சட்டென்று குளிரவைத்தேன். ஊதா ஏறக்குறைய மறைந்தது.

அந்த ஊதாவையும் படத்திலிருந்தே சொல்லிவிடலாம். பெர்ரிக் அயனி வளையத்தோடு நேராக ஒட்டிய OH-ஐ, அதாவது பீனாலை, பிடித்தால் நிறம் வரும். ஆஸ்பிரினில் அந்த O-வின் மேல் அசைட்டைல் உட்கார்ந்திருக்கிறது, எனவே தூய ஆஸ்பிரினில் ஊதா வராது. அசைட்டைல் கழன்றதும் OH வெளிப்பட்டு ஊதா வரும். அமிலத்தின் OH-ம் வளையத்துக்குப் பக்கத்தில்தானே என்று கேட்கலாம். நடுவில் ஒரு C=O நிற்கிறது, அது பீனால் ஆகாது.

இனி பாராசிட்டமால். அறுகோணம் ஒன்று, ஒரு முனையில் நேராக OH, எதிர்முனையில் NH, அதிலிருந்து C=O, கடைசியில் CH3. வளையத்தை நேராகத் தொடும் OH, ஆகவே பீனால். C=O-வின் ஒரு கையில் CH3, மறு கையில் N, ஆகவே அமைடு. NH-ஐப் பார்த்து அமீன் என்றும், அமீன் என்பதால் காரம் என்றும் எழுதுவார்கள். அதுவும் ஈதர் வகைத் தவறுதான். அந்த நைட்ரஜனின் தனித்த எலக்ட்ரான் இணை C=O பக்கம் சாய்ந்து அங்கேயே வேலையாக இருக்கிறது. புரோட்டானை வாங்க அது தயாராக இல்லை, எனவே காரமும் இல்லை.

அதே சாய்வுதான் அமைடைக் காப்பாற்றுகிறது. N தன் எலக்ட்ரானைத் தள்ளித் தருவதால் C=O கார்பனின் பற்றாக்குறை குறைகிறது, தாக்க வரும் நீருக்கு ஆர்வம் குறைகிறது. தாக்கினாலும் கழன்று போக வேண்டியது N, அது O-வைப் போல எளிதில் விட்டுப்போகாது. பாராசிட்டமாலை உடைக்க அமிலத்தோடு கொதிக்க வைக்க வேண்டும், அப்போதுதான் பாரா-அமினோபீனாலும் அசிட்டிக் அமிலமும் கிடைக்கும். அலமாரியில் சும்மா இருந்து வினிகர் வாடை அடிக்காது.

மருந்துக் கடையிலும் இதைப் பார்க்கலாம். பாராசிட்டமால் சிரப் எல்லா வீட்டிலும் இருக்கிறது. ஆஸ்பிரின் சிரப் பார்த்திருக்கிறீர்களா? குழந்தைகளுக்கு ஆஸ்பிரின் தரக்கூடாது என்பதற்கு வேறு மருத்துவக் காரணம் உண்டு, அது தனி. ஆனால் பெரியவர்களுக்கும் கரைத்து வைத்த புட்டியாக வருவதில்லை. நடுநிலை நீரில் அறை வெப்பநிலையில் சில நாட்களிலேயே பாதிக்கு மேல் உடைந்துவிடும் பொருளைச் சிரப்பாக்கி எப்படி விற்பது? நீரில் போடும் மாத்திரையாகத் தருகிறார்கள், போட்டதும் குடித்துவிட வேண்டும்.

படம் எதைச் சொல்லாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். ஆஸ்பிரின் உடலுக்குள் செய்வது, காகிதத்தில் நாம் பார்த்த அதே வேலைதான்: அசைட்டைலை இன்னொரு O-வின் தலையில் கட்டுகிறது. நீரின் இடத்தில் இப்போது சைக்ளோஆக்சிஜனேஸ் என்ற நொதியின் ஒரு செரீன், 530-ஆம் இடத்து செரீன், வருகிறது. அதன் OH எஸ்டர் கார்பனைத் தாக்குகிறது, அசைட்டைல் அங்கே போய் ஒட்டிக்கொள்கிறது, சாலிசிலேட் விடுபடுகிறது. ஒட்டிய அசைட்டைல் நொதியின் வாசலை அடைத்துவிடுகிறது. இரத்தத் தட்டணுக்களுக்கு உட்கரு இல்லாததால் அவை புது நொதி செய்துகொள்ள முடியாது, அந்த அணு சாகும்வரை, ஏறத்தாழ ஒரு வாரம் பத்து நாள், அடைப்பு அடைப்புதான். இதயநோயாளிகளுக்குத் தினம் 75 மில்லிகிராம் போன்ற சிறிய அளவே போதுவதற்கு இதுதான் அடிப்படை.

எஸ்டர் கார்பனில்தான் வினை நடக்கும், அசைட்டைல்தான் மாறும் என்பதைக் கோட்டுப் படம் உங்களுக்குச் சொன்னது. உடலில் ஆயிரக்கணக்கான OH இருக்க, குறிப்பாக அந்த ஒரு செரீன் ஏன் என்பதை அது சொல்லாது. அதற்கு நொதியின் முப்பரிமாண வடிவம் வேண்டும், ஆஸ்பிரினின் அமிலத் தொகுதியை அந்தக் குழிக்குள் பிடித்து வைக்கும் இன்னொரு அமினோ அமிலம் வேண்டும். வேகம், வெப்பநிலை, கரைப்பான் எதையும் கோடுகள் காட்டுவதில்லை. 'எங்கே' என்பதற்குப் படத்தை நம்பலாம், 'எவ்வளவு வேகமாக' என்பதற்கு ஓரளவு, 'உடலில் என்ன ஆகும்' என்பதற்கு அதை மட்டும் நம்ப வேண்டாம்.

கடைசியாக ஒன்று, நீங்களே செய்து பாருங்கள். வலிக்குத் தேய்க்கும் தைலங்களில் அந்தப் பழக்கமான காரமான இனிப்பு வாசனை மெத்தில் சாலிசிலேட்டுடையது. வரையுங்கள்: அறுகோணம், ஒரு முனையில் நேராக OH, பக்கத்து முனையில் CO2CH3. கீழே படிக்கும் முன் இரண்டு சோதனைக்கும் விடை எழுதிவிடுங்கள், பைகார்பனேட்டில் நுரைக்குமா, பெர்ரிக் குளோரைடில் ஊதா வருமா?

வளையத்தைத் தொடுவது C=O, அதன் மறு கையில் O, அதற்கப்பால் CH3. இதுவும் எஸ்டர்தான், ஆனால் ஆஸ்பிரினில் இருந்ததைத் திருப்பிப் போட்டது. அமில H இல்லை, எனவே நுரை இல்லை. பீனால் OH மூடப்படாமல் இருக்கிறது, எனவே ஊதா உண்டு. ஆஸ்பிரினுக்கு இரண்டும் நேர் எதிர். உடைத்தால் கழல்வது மெத்தனால் பக்கம், அது பீனால் அளவுக்குத் தயாராக இருக்காது, எனவே தைலம் புட்டியில் வருடக்கணக்கில் கெடாமல் இருக்கும். ஆய்வகத்தில் இதில் சோடியம் ஹைட்ராக்சைடு கரைசல் விட்டால் முதலில் ஒரு வெள்ளைத் திண்மம் வரும். அது எஸ்டர் உடைந்ததால் வந்ததில்லை, பீனாலின் H மட்டும் போன உப்பு. சூடுபடுத்திக்கொண்டே இருந்தால் திண்மம் கரையும், அப்போதுதான் எஸ்டர் உடைகிறது. ஆறவைத்து அமிலம் சேர்த்ததும் வெள்ளையாக வீழ்வது சாலிசிலிக் அமிலம். அதைக் கொஞ்சம் எடுத்து பைகார்பனேட்டில் போடுங்கள், இந்தத் தடவை நுரைக்கும்.